அடக்கவிலைக்கும் கீழே ஒரு தர்மப் பிரபு

கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு மளிகைக்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. ஏஜென்சி வண்டி உங்களுக்கு 92 ரூபாய்க்கு இறக்கும் சோப்புக் கட்டை ஆன்லைன்காரர் 88 ரூபாய்க்கு உங்கள் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபப்படாதீர்கள், அதற்குப் பெயர் போட்டி. அதே வேலையை நீங்கள் செய்தால் பெயர் திவால்.

உடனே ஓர் அறிவாளி வருவார்: “நீங்களும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க, வியாபாரம் பெருகும்.” பெருகட்டும். 100 ரூபாய்க்கு விற்றால் 8 ரூபாய் நின்றது. 95 ஆக்கினால் 3 நிற்கும். நூறு கட்டில் பார்த்த 800 ரூபாயைப் பார்க்க இனி 267 கட்டு விற்க வேண்டும். ஊரே நாளுக்கு மூன்று வேளை குளிப்பதாக ஒப்புக்கொண்டால் முயற்சி செய்யலாம்.

சட்டத்திடம் போகலாமா? 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 4ஆம் பிரிவு, போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கவிலைக்குக் கீழே விற்பதைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் விற்றவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறார் என்று முதலில் காட்ட வேண்டும். இரண்டு யானைகள் சேர்ந்து மிதித்தால், தனியாக எதற்கும் ஆதிக்கம் இல்லையாம். செத்தவன்தான் எந்தக் கால் என்று அடையாளம் காட்ட வேண்டும்.

இதில் ஆன்லைன்காரரை மட்டும் திட்டுவது பாதிக் கோபம். ஒரே சோப்புக்கு இரண்டு விலை போடுபவர் யார்? பெரிய கைக்கு ஒரு விலை, ஏஜென்சி வழியாக உங்களுக்கு இன்னொரு விலை என்று வைத்துவிட்டு, உங்கள் கடைச் சுவரில் இலவசமாக விளம்பரப் பலகையும் மாட்டிப் போகும் கம்பெனிதான். 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இதைத்தான் கம்பெனிகளிடம் கேட்டது: எல்லோருக்கும் ஒரே விலை கொடு, இல்லையென்றால் ஜனவரி முதல் ஒத்துழைக்க மாட்டோம். மகாராஷ்டிரத்தில் கோல்கேட் சரக்கில் சிலவற்றை நிறுத்தியும் காட்டினார்கள். அவர்களே கம்பெனியின் ஏஜென்சிகள் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே எழுந்த கூச்சல் அது.

விவரம் தெரிந்த கடைக்காரர் என்ன செய்கிறார்? எல்லோருக்கும் விலை மனப்பாடமான சோப்பு, பேஸ்டில் மல்லுக்கு நிற்பதில்லை. இரண்டு வரிசைக்கு மேல் அடுக்குவதுமில்லை. மணிலாக் கொட்டை, வெல்லம், பருப்பு என்று நிறுத்துப் போடும் சரக்கில்தான் கவனம், அதை எந்தச் செல்போனும் கிள்ளிப் பார்க்காது. ஆன்லைனில் ஏஜென்சியைவிட மலிவாக வந்தால் அங்கேயே வாங்கி அடுக்கிவிடுகிறார். வெட்கம் விலை போட்டவனுக்கு, வாங்கியவனுக்கு இல்லை.

அப்போதும் சேல்ஸ்மேன் பல்லிளித்துக்கொண்டு வருவார்.

“பத்து பெட்டி எடுங்க அண்ணே, ஒண்ணு ஃப்ரீ.”

முதலை முடக்கும் வலை அது. மூன்று மாதச் சரக்கு பணமாகாமல் மூலையில் கிடக்கும்.

“ஃப்ரீ வேணாம் தம்பி. ஆன்லைனுக்கு என்ன விலை போட்டீங்களோ அதே விலையில எனக்கு ஒரே ஒரு பெட்டி பில் போடு.”