தாலிக்கு முன்பே பிரிந்தவர்கள்

பரஸ்பர சம்மத விவாகரத்து மனு ஒன்றைப் பிழை பார்க்கக் கொடுத்தார் சீனியர். முதல் பக்கத்தில் கல்யாணம் 12.06.2022. ஐந்தாம் பத்தியில் 06.12.2022. பிரிந்தது 10.11.2022-இல். அதாவது, தாலி கட்டுவதற்கு 26 நாள் முன்பே பிரிந்துவிட்ட தீர்க்கதரிசிகள்! பதிவுச் சான்றிதழைப் பார்த்தால் ஜூன்தான். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன.

மனுவின் அடியில் தேதி 30.10.2023. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவோ, தாக்கல் செய்யும் நாளுக்கு முன் ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. 11 நாள் குறைகிறது. "பிரிந்த தேதியை அக்டோபர் ஆக்கிடலாமா சார்?" என்றார் குமாஸ்தா. சத்தியம் செய்து கையெழுத்திடும் காகிதமய்யா அது! இரண்டு வாரம் கழித்துத் தாக்கல் செய்தோம்.

மனைவியின் பெயர் ஆதாரில் '-ட்சி', சான்றிதழில் '-க்ஷி'. முதலில் ஒருமுறை 'என்கிற' போட்டுச் சேர்த்துவிட்டு, பிறகு ஒரே வடிவத்தில் ஓட்டினேன். எட்டாம் பத்தியில் அவர் திடீரென்று 'எதிர்மனுதாரர்' ஆகியிருந்தார். ஏதோ பழைய சண்டை வழக்கை நகலெடுத்த மிச்சம். இங்கே இருவருமே மனுதாரர்கள். கல்யாணமான பிறகு அவர்கள் ஒரே கட்சியில் நிற்பது இதுதான் முதல் தடவையாம்.