சிவப்பு எழுத்துகளின் சிறப்பு

படத்தில் காணப்படுவது ஓர் இணைய விண்ணப்பப் படிவத்தின் திரைப்பிடிப்பு. மூன்று கட்டங்களின் கீழ் சிவப்பு எழுத்துகள் உள்ளன. மூன்றும் விண்ணப்பதாரரின் ஒழுக்கத்தைச் சோதிப்பவை.

முதற்கட்டம் பிறந்த தேதி. கட்டத்துக்குள் மங்கலாக DD/MM/YYYY என்றிருக்கிறது. அதை நம்பி 15/03/1991 என்று எழுதியவருக்கு 'தேதி தவறு' என்று பதில் வந்துள்ளது. பின்னாலுள்ள நிரல் மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. 15ஆம் மாதம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இதுவே 07/03/1991 என்றால் மறுபேச்சின்றி ஏற்கப்படும். மார்ச் 7இல் பிறந்தவர் கட்டணமின்றி ஜூலை 3க்கு மாற்றப்படுவார்.

இரண்டாவது, ஆதார் எண். அட்டையில் நான்கு நான்காக இடைவெளி விட்டு அச்சாகியிருக்கும் 12 இலக்கங்களை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், இடைவெளிகளோடு 14 எழுத்துகள். கட்டத்தின் வரம்போ 12. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டப்படுகின்றன. வெட்டியபின், 'இரண்டு இலக்கங்கள் குறைகின்றன' என்று படிவமே அக்கறையுடன் கண்டிக்கிறது.

மூன்றாவது, பெயர். தலைப்பெழுத்துக்குப் பின் வைத்த புள்ளி தடைசெய்யப்பட்ட குறி. ஆனால் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. குடும்பப்பெயரே இல்லாதவர் அதில் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஏற்கப்படும்.

குறைகளை ஆதாரத்துடன் தெரிவிக்கத் தனிப் படிவம் உண்டு. திரைப்பிடிப்பை அதில் இணைக்கலாம், 50 கேபிக்குள் இருந்தால். இந்தப் படம் 412 கேபி. அந்தச் செய்தியும் சிவப்பில்தான் வந்தது.