கடைப்பையன் எழுதும் விண்ணப்பம்

ஹார்டுவேர் கடையில் 15 ஆண்டு நின்றுவிட்டு, நூற்பாலையிலோ பம்ப் கம்பெனியிலோ ஸ்டோர் கீப்பர் வேலைக்கு மனுப் போடுகிறவர் கோயம்புத்தூர் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வயது 40-ஐத் தொட்டிருக்கும். ஆனாலும் முதலாளிக்கு அவர் 'நம்ம பையன்'தான். சட்டைப் பையில் பேனா, காதுமடலில் பென்சில், இடுப்பில் கோடவுன் சாவி. கடையின் சரக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருக்கும். மூன்றாம் ராக்கின் கீழ்த்தட்டில், பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால், அரை இஞ்ச் எல்போ 17 கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது; அது 22 என்று சாதித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் ஏன் கடையை விட்டுப் போக நினைக்கிறார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கம்பெனியில் பி.எஃப். பிடிப்பார்கள், இ.எஸ்.ஐ. உண்டு, ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டோர் கீப்பருக்கு ஒரு மேஜை, நாற்காலி உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி இவருடைய கடைக்கும் ஒரு நாற்காலி வந்தது. அதில் வாடிக்கையாளர்கள் உட்கார்கிறார்கள்.

விண்ணப்பம் பிறக்கும் இடம் ஜெராக்ஸ் கடை. டைப் அடிக்கிற தம்பியிடம் ஏற்கெனவே ஒரு மனு தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். நர்ஸ் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போன அதே மனு இவருக்கும் வந்து சேரும். 'கடின உழைப்பாளி, நேர்மையானவன், எந்தச் சூழலிலும் பணிபுரிய வல்லவன்' என்று அது இவரைப் பற்றி அறிவிக்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல்' என்று தம்பியே போட்டுவிடுவார். இவர் ஒழுங்காக வாசிப்பது சப்ளையரின் விலைப்பட்டியல் ஒன்றைத்தான். அதைச் சொல்லியிருந்தால்கூட வேலைக்கு உதவியிருக்கும்.

இந்த மனுவில் இவர் சொந்தமாகச் சேர்க்கச் சொல்லும் வரி ஒன்றே ஒன்று: 'வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தி, எந்தப் பொருளையும் இல்லை என்று சொல்லாமல் கொடுப்பதில் 15 ஆண்டு அனுபவம்.' கம்பெனியில் மனுவைப் பிரிக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் இந்த வரியைக் கண்டதும் மனுவை மூடி வைத்துவிடுவார். அவர் தேடுவது இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆளை.

கடைக்கும் ஸ்டோருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கடையில் ஒரு பொருள் வெளியே போனால் பணம் உள்ளே வரும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது, எழுத விட்டுப்போன விற்பனையும் ஏதோ ஒரு வழியில் தலைகாட்டிவிடும். கம்பெனி ஸ்டோரில் கல்லா கிடையாது. பேரிங் போகும், பதிலுக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். துறைத் தலைவர் கையெழுத்திட்ட அந்த இஷ்யூ சீட்டுதான் பணம். சீட்டு வராவிட்டால் பேரிங் போனதற்குச் சாட்சி யாருமில்லை. இரவு 2 மணிக்கு மெஷின் நின்றுபோய், ஃபோர்மேன் எண்ணெய்க் கையோடு வந்து, "தம்பி, மொதல்ல பேரிங்கக் குடு, சீட்டு காலைல தர்றேன்" என்பார். கடையில் 15 ஆண்டு பழகிய கை அந்த நேரத்தில் தானாகவே ராக்கை நோக்கி நீளும். காலையில் ஃபோர்மேன் ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் இவருக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டுவது தவறு. ஸ்டோருக்கு வேண்டிய மூன்று கணக்குகளில் இரண்டை இவர் பெயர் தெரியாமலேயே செய்துவந்திருக்கிறார். லாரியிலிருந்து இறங்கும் சரக்கைச் சப்ளையர் பில்லோடு ஒப்பிட்டு, உடைந்ததைத் தனியே வைத்து, "ரெண்டு குறையுதுங்க" என்று டிரைவரிடமே எழுதி வாங்குவார். கம்பெனியில் அதற்கு ஜி.ஆர்.என். என்று பெயர், மூன்று காப்பி போடுவார்கள். எது தீரப்போகிறது என்று பார்த்து முதலாளிக்குச் சொல்வதும் இவர்தான். வாரம் 10 பேரிங் விற்கிறது, சொல்லி அனுப்பினால் வந்து சேர 2 வாரம், அவசரத்துக்குக் கையில் 10 இருக்கட்டும். ஆகவே 30-க்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும் என்பது இவருக்கு மனப்பாடம். இதையே ரீஆர்டர் லெவல் என்று பாடப்புத்தகம் ஒரு அத்தியாயத்துக்கு இழுக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ராக்கிலேயே தொங்கும் பின் கார்டு. தேதி, வரவு, செலவு, இருப்பு, கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். இதில்தான் தலைக்குள் இருக்கும் கடை காகிதத்துக்கு வந்தாக வேண்டும். முதலாளிகள் கார்டு போடச் சொல்வதில்லை. பையன் இருக்கிறானே என்ற தைரியம்.

கார்டு போட்டுப் பார்த்த ஒருவரின் அனுபவம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒயர் கணக்கு நல்ல உதாரணம். வீட்டு ஒயர் 90 மீட்டர் காயிலாக வரும். ஏப்ரல் முதல் தேதி 1.5 ஸ்கொயர் சிவப்பு ஒயரில் 12 காயில் இருந்தது. ஆண்டுக்குள் 20 காயில் வந்தது. 26 காயில் விற்றது. மார்ச் 31 அன்று எண்ணினால் 6 காயில் இருக்க வேண்டும். ராக்கில் இருந்தது 5 முழு காயிலும் ஒரு துண்டும். டேப் வைத்து அளந்தால் துண்டு 50 மீட்டர். முதலாளியின் முதல் சந்தேகம் ஹெல்ப்பர் பையன் மீது விழுந்தது. ஊர் வழக்கப்படி அது எப்போதும் அங்கேதான் விழும். நம்மவர் பில் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பில்களில் 'ஒயர் பீஸ் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. தொகையை மீட்டர் விலையால் வகுத்தால் ஒன்று 25 மீட்டர், மற்றது 15 மீட்டர். காணாமல் போன 40 மீட்டர் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு பில்லும் முதலாளியின் மைத்துனர் கையெழுத்தில் இருந்ததால் விசாரணை அத்துடன் நின்றது.

குறை திருட்டில் இல்லை, அலகில் இருந்தது. வாங்குவது காயில், விற்பது மீட்டர். அன்றிலிருந்து அவர் கார்டை மீட்டரில் எழுதினார்: தொடக்க இருப்பு 1080, வரவு 1800, செலவு 2380, இருப்பு 500. ஸ்க்ரூவுக்கும் இதே கதைதான். குரோஸ் கணக்கில் வரும், ஒரு குரோஸ் 144. டஜன் கணக்கில் போகும், கார்ப்பென்டர் கேட்டால் எண்ணாமல் ஒரு கைப்பிடியும் போகும். ஆணி கிலோவில் வருவதால் அதை எண்ணிப் பார்க்க யாரும் ஆசைப்படுவதில்லை. கம்பெனி ஸ்டோர்களிலும் இருப்பு வித்தியாசம் என்று கூச்சல் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த அலகு. அடுத்தது, ஆணியில் குத்தி வைத்துப் பதிய மறந்த சீட்டுகள். அதற்கும் அடுத்தது பக்கத்து டப்பா. 6205 பேரிங்கின் இடத்தில் 6206 உட்கார்ந்திருப்பது அபூர்வமல்ல. உள்துளை ஒன்றுக்கு 25 மில்லி, மற்றதற்கு 30. அட்டைப்பெட்டியின் மேல் நம்பரைப் படிக்காதவருக்கு இரண்டும் பேரிங்தான்.

இந்த ஒயர் விவகாரத்தை மனுவில் எழுதலாமே என்று இவருக்குத் தோன்றுவதில்லை. கணக்குக் குறைந்ததை வெளியே சொன்னால் யார் வேலை தருவார்கள் என்று நினைக்கிறார். அதனால் '15 ஆண்டில் ஒரு பொருள்கூடக் குறைந்ததில்லை' என்று எழுதுகிறார். ஸ்டோர் பார்த்த எவரும் இதை நம்பமாட்டார்கள். ஒருபோதும் குறையாத இருப்புக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தேறும் மனு வேறு மாதிரி இருக்கும். அனுப்புநர், பெறுநர், 'பொருள்: ஸ்டோர் கீப்பர் பணிக்கு விண்ணப்பம்' என்ற தலைப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உடல்பகுதி இப்படிப் போகும்:

'ஐயா, ஹார்டுவேர் மற்றும் எலக்ட்ரிக்கல் கடையில் 15 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடைசி 4 ஆண்டுகளாகச் சரக்கு வரவு, இருப்புப் பதிவு இரண்டும் என் பொறுப்பு. சுமார் 600 வகைப் பொருள்களுக்கு பின் கார்டு எழுதி, வாரம் ஒருமுறை டேலியுடன் ஒப்பிடுகிறேன். மாதம் 50 பொருள்களை நேரில் எண்ணி, வித்தியாசம் இருந்தால் காரணத்தைக் கார்டிலேயே குறிக்கிறேன். ஒயர் இருப்பில் வந்த 40 மீட்டர் வித்தியாசத்தை பில்கள் மூலம் கண்டுபிடித்து, பதிவு அலகைக் காயிலிலிருந்து மீட்டருக்கு மாற்றினேன். நூற்பாலை உதிரிப் பாகங்களில் பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல் தெரியும். ஸ்பின்னிங் மெஷினுக்கே உரிய பாகங்கள் தெரியாது, கற்றுக்கொள்வேன். இஷ்யூ சீட்டு முறையில் இதுவரை பணியாற்றியதில்லை.'

கடைசி இரண்டு வரிகளை அடிக்கும்போது ஜெராக்ஸ் கடைத் தம்பி கையை எடுத்துவிடுவார். "அண்ணா, தெரியாதுன்னு எல்லாம் போடக் கூடாதுங்ண்ணா" என்பார். போட வேண்டும். தெரியாததை எழுதியவர் தெரிந்ததாக எழுதியதை மேனேஜர் நம்புவார். மனுவுடன் ஒரு பழைய பின் கார்டின் நகலையும் இணைத்தால் கையெழுத்து புரிகிறதா, அடித்தல் திருத்தல் எப்படி என்பதும் தெரிந்துவிடும். விலை எழுதிய பக்கத்தை மட்டும் இணைக்கக் கூடாது. இன்றைய முதலாளியின் கொள்முதல் விலையைக் கொண்டுவந்து காட்டுகிறவர் நாளை நம்முடையதை எங்கே காட்டுவார் என்ற கேள்வி உடனே எழும்.

நேர்முகத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ராத்திரி ஃபோர்மேன் சீட்டில்லாம கேட்டா என்ன பண்ணுவீங்க?" கடைப்பையன் "உடனே கொடுத்துருவேன் சார்" என்பார், கொஞ்சம் விவரமானவர் "கொடுக்கவே மாட்டேன் சார்" என்பார். இரண்டுமே ஆபத்து. முதலாமவரிடம் கணக்கு நிற்காது, இரண்டாமவரிடம் மெஷின் ஓடாது. ஃபோர்மேனிடமே ஒரு தாளில் பொருள், எண்ணிக்கை, மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து, மறுநாள் அதை முறையான சீட்டாக மாற்றுவேன் என்பதே மேனேஜர் காதில் விழ வேண்டிய பதில். கையெழுத்துப் போட மறுக்கிற ஃபோர்மேனுக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்று அர்த்தம்.

எஞ்சியிருப்பது முதலாளியின் நன்னடத்தைச் சான்று. அதைக் கேட்கப் போகிற அன்றுதான், 15 ஆண்டில் முதல் தடவையாக, முதலாளி இவரை உட்காரச் சொல்வார். வாடிக்கையாளர் நாற்காலி காலியாகும். காபி வரும். "நீ போயிட்டா எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதேப்பா" என்பார். மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக்கொடுப்பதாக வாக்கும் கொடுப்பார். நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பங்களில் பல தபாலில் சேராமல் கடை மேஜை டிராயரிலேயே தங்கிவிடுவதற்கு இந்த ஆயிரம் ரூபாய்தான் காரணம்.