நைட் டியூட்டி அணிலுக்கு ஒரு விண்ணப்பம்

பெருங்கருணை கொண்ட மின்சார மேலிடத்துக்கு, கிருஷ்ணன்கோவில் மெயின் ரோட்டில் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துபவன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொள்வது.

கார்த்திகை மாதம், ராத்திரி எட்டு மணி. மதுரையிலிருந்து செங்கோட்டை வழியாகச் சபரிமலை போகிற பஸ் ஒன்று கடை வாசலில் நின்றது. சாமிமார் உட்கார்ந்து இலை போட்டதும் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எங்கள் வரிசை மட்டும் இருட்டு. எதிர்வரிசை செல்போன் கடை கல்யாண வீடாக ஜொலித்தது. குருசாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் சாமி, கரண்ட் பில் கட்டலையா?" பஸ்ஸே சிரித்தது.

உடனே தங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "லைன்ல அணில் ஓடியிருக்கும்ணே" என்று அருள்வாக்கு வந்தது. 2021 ஜூனில் அன்றைய மின்துறை அமைச்சரே அணிலைச் சொன்னவர்தான். மறுக்க நான் யார்? 1988-லேயே சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆள் நான். ஒரே ஒரு சந்தேகம்தான். அணில் பகலில் திரிகிற பிராணி, பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போய்விடும். எட்டு மணிக்குக் கம்பியில் ஓடியது நைட் டியூட்டி அணிலா? அதற்கு ஓவர்டைம் உண்டா?

எதிர்க்கடையில் வெளிச்சம் இருந்து எங்கள் வரிசை மட்டும் அணைந்தால் ஊருக்கே கரண்ட் போகவில்லை, ஒரு ஃபேஸ்தான் போயிருக்கிறது என்பது டீ மாஸ்டருக்கும் தெரியும். பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃப்யூஸ். ஆள் வந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. பணம் கட்டுவதில் தவணை தப்பினால் என் ஃப்யூஸைப் பிடுங்க ஆள் வருகிறாரே, உங்கள் ஃப்யூஸ் போனால் போட மட்டும் ஏன் ஆள் வருவதில்லை? மன்னிக்கவும், மேலிடமே. புழுக்கத்தில் வாய் தவறிவிட்டது.

தாங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தின்படி கடையை நடத்தினேன். இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி. கணக்குக்கு 1800 வாட் மணி. இழப்பும் பேட்டரியின் வயசும் போக 1000 கிடைத்தால் பெரிது. எட்டு டியூப் லைட்டுக்கு 160 வாட், இரண்டு ஃபேனுக்கு 150. இரண்டும் ஓடினால் மூன்று மணி நேரம்தான். ஃபேனை நிறுத்தினால் ஆறு மணி நேரம். சாமிமாருக்கு வேர்த்தாலும் பரவாயில்லை, கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் இருட்டு ஆகாது. அதனால் முதல் வெளிச்சம் அடுப்புக்கு, அடுத்தது கை கழுவுகிற இடத்துப் படிக்கட்டுக்கு, அதற்கப்புறம்தான் இலைக்கும் கல்லாவுக்கும். மிக்ஸியை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்திவிட்டு அடங்கிவிடும். அணில் கத்துவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மிக்ஸி இல்லையென்றால் புதுச் சட்னி இல்லை. எக்ஸாஸ்ட் ஓடாததால் பூரியும் பஜ்ஜியும் இல்லை, சமையல்கட்டு புகைந்துவிடும். ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது. மூடியே வைத்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், அதற்கு மேல் பாலையும் பன்னீரையும் நம்ப முடியாது. மிச்சம் இருந்தது கேஸில் ஓடுகிற இட்லி, தோசை, ஊத்தப்பம், சாம்பார். நாலே நாலு. அதிலும் தோசையின் ஆயுள் சட்னிப் பாத்திரத்தின் அடி தெரிகிற வரைக்கும்தான்.

சப்ளையர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன்: "இந்தா வந்திரும்"னு எவனும் சொல்லக்கூடாது. உட்காருமுன் வாசலிலேயே, "சாமி, கரண்ட் இல்ல. இட்லி உடனே, தோசை பத்து நிமிஷம், வேற எதுவும் கிடையாது. ஜிபே எடுக்குமான்னு தெரியாது, சில்லறை வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும். முதலிலேயே சொன்னால் மனுஷன் கோபப்படுவதில்லை. ஆர்டர் வாங்கி அரைமணி கழித்து "பூரி இல்லை" என்றால்தான் இலையை மடிக்கிறான். அப்படியும் பாதிப் பஸ் எழுந்து போனது. பழியை உங்கள் பேரில் போட மனசு வராமல், அணில் என்றேன். குருசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

தங்கள் பொற்பாதத்தில் ஒரு விண்ணப்பம். கரண்டே போகக்கூடாது என்று கேட்கும் பேராசை எனக்கில்லை. பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தினால் பேப்பரில் போடுகிறீர்கள். நாங்களும் முந்தின நாளே மாவை ஆட்டிவிடுகிறோம். ராத்திரியும் எப்போது வரும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். இருபது நிமிஷம் என்றால் பூரிக்காரரை உட்கார வைப்பேன். இரண்டு மணி நேரம் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலிலேயே நாலு ஐட்டம் என்று எழுதி மாட்டுவேன். இரண்டுக்கும் நான் தயார். தெரியாமல் நிற்பதற்குத்தான் தயாராக முடியவில்லை. நேரம் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த அணிலின் நம்பரையாவது கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பில்லைத் தவறாமல் கட்டிவரும்
தங்கள் அடியேன்