தபுதாரர் யார்?

பனிச்சங்கேணி டீச்சர் முப்பது வருசம் தமிழ் படிப்பித்தவர். கணவரின் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு ஓய்வூதியக் கோப்பை விரித்தார். ‘விதவைகள், தபுதாரர், அநாதைகள்’ என்று இருந்தது. தபுதாரர் என்பது மனைவியை இழந்தவர். தொல்காப்பியத்தில் தபுதாரநிலை உண்டு; கணவனை இழந்தவளுக்கோ தாபதநிலை. ஆணுக்குத் தொல்காப்பியம் தேடிய அரசாங்கம், பெண்ணுக்கு வடமொழி விதவையோடு நிறுத்திக்கொண்டது.

ஆனாலும் விதவைகளுக்கான சட்டம் 1898இலேயே வந்துவிட்டது. தபுதாரருக்கு வந்தது 1983இல். 85 வருசம் அவர்கள் இலக்கணத்தில் மட்டுமே இருந்தார்கள்.

கணவரின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய காசுக்குக் கணக்குச் சரி. பெயரில்தான் வில்லங்கம். விவாகப் பதிவில் ‘தில்லையம்பலம்’, அடையாள அட்டையில் ‘தில்லம்பலம்’.

“ரெண்டு பேரா டீச்சர்?” என்றார் கந்தோர்த் தம்பி.

“ஒராள்தான் மனே. ஐகாரம் விழுந்துபோச்சு.”

“அதை ஒரு சத்தியக்கடதாசியில எழுதி, சமாதான நீதவானிட்ட ஒப்பம் வாங்கிட்டு வாங்க.”

டீச்சர் எழுதினார். தம்பி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதில ‘இருவரும் ஒருவரே’ எண்டு இல்லையே?”

“இருவர் எண்டா ‘ஒருவரே’ பிழை, மனே.”

மறுபடி பஸ் ஏறி, பாலம் கடந்து, பிழையாக எழுதிக் கொண்டுபோனார். கோப்பு நகர்ந்தது.