தேய்வதற்கும் தனி விலை

சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலர் 2023-இல் 200 டாலருக்கு வந்தது. ஸ்டிக்கின் அடியில் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். கரித்தடத்தில் உலோக நாக்கு உரசி உரசித் தேயும்; ஒருநாள் விரலை எடுத்த பிறகும் திரையிலுள்ள வீரர் தன்பாட்டுக்கு இடப்பக்கம் நடந்துபோவார். கவலை வேண்டாம், 20 டாலருக்கு மாற்று ஸ்டிக் விற்கிறார்கள். தேயும் என்பதை இவ்வளவு நாணயமாக விலைபோட்டு ஒப்புக்கொண்ட கம்பெனி வேறு உண்டா?

அதே ஆண்டு 45 டாலருக்கு வந்த கேம்சர் ஜி7 எஸ்இ-யில் காந்தமும் ஹால் சென்சாரும். அங்கே உரசலே இல்லை. வயர் தொங்கும், அவ்வளவுதான். பின்பக்கம் இரண்டு பட்டன் வேறு: குறிபார்க்கும் கட்டைவிரலை எடுக்காமலே குதிக்கலாம். அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம். 200 டாலரை நீட்டும் முன், பெட்டியில் ‘ஹால்’ என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.