குமிழ் சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: நானே செய்த சால்டரிங் ஸ்டேஷனில் வெப்பக் குமிழை வேகமாக ஏற்றினால், சில சமயம் எண் இறங்குகிறதே! குமிழ் கெட்டுவிட்டதா?

பதில்: குமிழ் பாவம், அது சரியாகத்தான் சொல்கிறது, கேட்க வேண்டிய புரோகிராம் டிஸ்ப்ளேயில் எண் எழுதிக்கொண்டிருக்கிறது!

குமிழின் ஏ, பி என்ற இரு சிக்னல்களும் 00, 01, 11, 10 என்ற வரிசையில் மாறும். எதிர்ப்புறம் திருப்பினால் வரிசையும் தலைகீழ். 00-ஐப் பார்த்த புரோகிராம் 01, 11 இரண்டையும் கோட்டைவிட்டு 10-இல் கண் விழித்தால், ‘ஓஹோ, ஒரு படி பின்னால் போகிறார்’ என்று வெப்பத்தைக் குறைத்துவிடும். 00-க்கு அடுத்து 11 தெரிந்தாலோ, படி தவறியது உறுதி, திசைதான் தெரியாது. டைமர் இன்டரப்ட் வைத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஏ, பி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். புதுக் குமிழுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.